போனா ஃபிடே

போனா ஃபிடே என்பது சட்டத்துறையில் வழங்கும் ஓர் இலத்தீன் சொற்றொடர் ஆகும். இதனைத் தமிழில் *நல்லெண்ணத்துடன்* எனலாம். கல்லூரிகள் வழங்கும் 'போனஃபைடு' சான்றிதழில் மட்டும் *மெய்யான* (மாணவர்) என்பதே பொருந்தும்.

இந்தியச் சட்டத்தில்

1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டப்படி, கவனக்குறைவு இருப்பினும் நேர்மையாகச் செய்யப்பட்ட செயல் நல்லெண்ணச் செயலே ஆகும். 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவோ, அதற்கு முந்தைய 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தைப் போலவே, உரிய கவனமின்றிச் செய்ததை நல்லெண்ணமாக ஏற்பதில்லை.

எடுத்துக்காட்டாக, நோயாளியின் நன்மை கருதி, ஆனால் தேவையான சோதனைகளைச் செய்யாமல் அறுவை செய்த மருத்துவரின் செயல் முதல் வரையறைக்குள் அடங்கும், இரண்டாவதில் அடங்காது. எனவே குற்றவியல் சட்டத்தை விளக்கும்போது *உரிய கவனத்துடன் கூடிய நல்லெண்ணம்* என விரித்து எழுதுதல் வேண்டும்.