ஷோல் நழுவாமல் இருக்க: ஹந்தானையிலிருந்து ஒரு தையற்காரியின் குறிப்பு

கண்டி நகரிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் பாதை வளைவும் மேடுமாகவே போகிறது. பஸ்ஸில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், மறு கை பையைப் பிடித்திருக்கும். நழுவும் துப்பட்டாவைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. வன்னியிலிருந்து வந்து இங்கே தையல் வேலை செய்யும் எனக்கு, பஞ்சாபி தைக்கக் கொடுக்கும் பிள்ளைகள் அதிகமாகக் கேட்கும் கேள்வியும் இதுதான்: "அக்கா, ஷோல் நிற்குதில்லை, என்ன செய்யிறது?"

நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் பின் குத்தும் திசை. தோள் தையல் கழுத்திலிருந்து கைப்பக்கம் ஓடுகிறது. ஷோலோ முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கிறது. பின்னை இழுப்பின் திசையிலேயே குத்தினால் பாரம் முழுவதும் ஒரே துளையில் விழும். துளை பெரிதாகும், பிறகு துணி கிழியும். பின்னைத் தையலின் நீளவாக்கில் படுக்க வைத்தால் பாரம் பின்னின் முழு நீளத்துக்கும் பரவுகிறது. தையலுக்கு உள்ளே மடிப்புத்துணி இருப்பதால் அந்த இடம் தடிப்பாகவும் இருக்கும். தையலை விட்டு விலகி ஒற்றைத் துணியில் குத்தவே கூடாது.

36 அங்குல அகலமான ஷோல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை 5 அங்குல மடிப்புகளாக மடித்தால் ஏழு மடிப்பு வரும். ஏழையும் சேர்த்து மேற்சட்டையோடு குத்துவதுதான் எல்லோரும் செய்வது. அப்படிக் குத்தினால் பின் வளையும், மேலே பொட்டுப்போல் தெரியவும் செய்யும். நான் சொல்வது வேறு. மடிப்புகளைத் தோளில் வைத்து, மேல் ஐந்தையும் தூக்கிப் பிடியுங்கள். அடியில் உள்ள இரண்டை மட்டும் தோள் தையலோடு குத்துங்கள். பிறகு மேல் மடிப்புகளை அதன்மேல் விழ விடுங்கள். மடிப்புகள் கலையாமலிருக்க இன்னொரு சிறிய பின் போதும். அது ஷோலை ஷோலோடு மட்டும் பிடிக்க வேண்டும், சட்டையைத் தொடக்கூடாது. சிஃபோன் துணியென்றால் பின்னின் சுருள் பக்கத்தில் ஒரு சிறு மணியைக் கோர்த்துவிடுங்கள். நூல் சுருளுக்குள் சிக்காது.

குத்திய பிறகு கண்ணாடி பார்ப்பதை விடக் கையை உயர்த்திப் பார்ப்பது முக்கியம். பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் உயர்த்துங்கள். சட்டையின் கழுத்து ஒரு பக்கம் இழுபட்டால் ஷோல் இறுக்கமாக நிற்கிறது என்று அர்த்தம். மூன்று விரல் அளவு தளர்த்திக் குத்துங்கள். பையை எப்போதும் பின் இல்லாத தோளில் போடுங்கள். பைப்பட்டி ஷோலின்மேல் ஏறினால், பையைக் கழற்றும்போது ஷோலும் கூடவே வரும். காலைக் குளிருக்கு சுவெட்டர் போடுவதென்றால் முன்பக்கம் திறந்ததை ஷோலுக்கு மேலே போடுங்கள். கழற்றும்போது பின் இல்லாத பக்கக் கையை முதலில் எடுங்கள்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாக்களைப் பாருங்கள். அவர்கள் பின்னை நம்புவதில்லை. இடுப்பில் படங்கைக் கட்டியிருப்பார்கள், தலைத்துணியின் மேல் கூடைக்கயிறு அமர்ந்திருக்கும். மேலே உள்ள பாரம் கீழே உள்ள துணியை அழுத்திப் பிடிக்கிறது. நாங்கள் ஷோலுக்கு மேலே ஒன்றும் கட்டுவதில்லை, அதனால்தான் பின் தேவைப்படுகிறது.

யுத்தத்தில் கை இழந்த பெண்கள் எங்களிடையே இருக்கிறார்கள். ஒரு கையால் தோளில் பின் குத்துவது பெரிய பாடு. அவர்களுக்கு, போடுவதற்கு முன்பே குத்திவிடும் முறை நல்லது. மேற்சட்டையைக் கட்டிலில் விரித்து, கழுத்துப் பக்கத்தில் ஒரு தடித்த புத்தகத்தை வையுங்கள். மடித்த ஷோலைத் தோளில் வைத்து, புத்தகம் துணியைப் பிடித்திருக்க, பின்னைக் குத்துங்கள். ஷோலின் இரு நுனிகளையும் முதுகுப் பக்கம் ஒதுக்கிவிட்டு இரண்டையும் ஒன்றாகத் தலைவழியே போடலாம். தோளில் செல் துண்டு பட்ட தழும்பு இருந்தால் பின்னை மற்றத் தோளுக்கு மாற்றுங்கள், பையையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நன்றாகப் பிடிக்கும் பின், அவசரத்தில் விடாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறும்போது ஷோல் நுனி சக்கரத்தில் சிக்கினால், தளர்வாகக் கிடக்கும் ஷோல் உருவிக்கொண்டு போகக்கூடும். இரண்டு தோளிலும் குத்தி, நுனிகள் முதுகில் தொங்க, தொண்டையைச் சுற்றி வளைத்துப் போட்ட ஷோலோ கழுத்தை இறுக்கும். ஐசடோரா டங்கன் என்ற நடனக் கலைஞர் 1927 இல் பிரான்ஸின் நீஸ் நகரில் இறந்தது இப்படித்தான். அவருடைய நீண்ட கழுத்துத் துணி, போய்க்கொண்டிருந்த காரின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. நுனியை இடுப்பில் செருகினால் போதுமென்று சிலர் நினைக்கிறார்கள். மேடு பள்ளத்தில் அது வெளியே வந்துவிடும். மோட்டார் சைக்கிளென்றால் ஷோலைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். முச்சக்கரவண்டியில் ஏறியதும் இரு நுனிகளையும் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியிலும் அப்படியே, கழற்றிவிட்டுச் சமையுங்கள்.

ஹந்தானையில் ஈரம் குறைவதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பின்னைக் கழற்றிவிடுங்கள். நனைந்த ஷோலில் ஒரு இரவு விட்டால் மறுநாள் துருக்கறை இருக்கும், வெள்ளை ஷோலிலிருந்து அது லேசில் போகாது.