லிஃப்ட்ல ஏன் எல்லாரும் கதவைப் பார்த்தே நிக்கிறோம்?

லிஃப்ட்ல ஏறினதும் நீங்க என்ன செய்வீங்கன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. உள்ளே போவீங்க, பட்டனை அழுத்துவீங்க, அப்படியே திரும்பி கதவைப் பார்த்து நிப்பீங்க. பக்கத்துல நிக்கிறவர் முகத்தைப் பார்க்க மாட்டீங்க. மேலே மாறுற மாடி எண்ணை ஏதோ ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி உத்துப் பார்ப்பீங்க. இதை யாரும் நமக்குச் சொல்லித் தரல. ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. இன்னைக்கு த்ரெட் அதைப் பத்திதான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

இதை யோசிக்க வெச்சது ஒரு பாட்டி. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த சமயம். கொல்லிமலை வாழவந்தி நாட்டுல இருந்து வந்தவங்க. அவங்க வீட்டுக்காரர் மூணாவது மாடி வார்டுல இருந்தார். பாட்டிக்கு அதுதான் முதல் லிஃப்ட். ஏறினவங்க திரும்பவே இல்ல. கதவுக்கு முதுகைக் காட்டி, எங்க எல்லார் முகத்தையும் பார்த்து நின்னாங்க. "நீங்கெல்லாம் எந்த ஊரு சாமி? யாருக்கு ஒடம்பு சரியில்ல?" உள்ளே எட்டு பேர் இருந்தோம். ஒருத்தர் வாயைத் திறக்கல. நானும்தான்.

அவங்க செஞ்சது தப்பா? அவங்க ஊர் பஸ்ல வந்து பாருங்க. 70 கொண்டை ஊசி வளைவு, நிக்கக்கூட இடம் இருக்காது, ஆனா பேச்சு ஓயாது. எந்த ஊரு, யாரு வீடுன்னு ஆரம்பிச்சா பத்தாவது வளைவுக்குள்ள ஏதோ ஒரு சொந்தம் வந்துடும். நெருக்கம் அதே நெருக்கம்தான். ஆனா பஸ்ல நேரம் இருக்கு, எல்லாரும் ஒரே பக்கம் போறோம், பேசாம வந்தாத்தான் மரியாதைக் குறைவு. லிஃப்ட்ல இருக்கிறது அரை நிமிஷம். சொந்தம் கண்டுபிடிக்கிறதுக்குள்ள கதவு திறந்துடும்.

சரி, வரலாறுக்கு வருவோம். பொதுமக்கள் ஏறுறதுக்கான முதல் லிஃப்டை எலிஷா ஓட்டிஸ் நியூயார்க்ல ஒரு கண்ணாடி, பீங்கான் கடையில வெச்சது 1857-ல. அஞ்சு மாடிக் கட்டடம். வேகம் நிமிஷத்துக்கு சுமார் 40 அடிதான். நடந்து ஏறினாலே முந்திடலாம். பிறகு வந்த பெரிய ஹோட்டல் லிஃப்ட்கள்ல உட்கார பெஞ்ச், கண்ணாடி எல்லாம் இருந்துச்சு. அதாவது அது ஒரு குட்டி வரவேற்பறை. உட்கார்ந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துதான் ஆகணும்.

அங்கதான் சிக்கல். இது வீடா, தெருவா? அந்தக் காலத்து அமெரிக்காவுல இது நிஜமாவே ஒரு பஞ்சாயத்து. வீட்டுக்குள்ள பெண்கள் முன்னாடி ஆண் தொப்பியைக் கழட்டணும். தெருவுல கழட்ட வேண்டியதில்ல. அப்போ லிஃப்ட்ல? 1922-ல எமிலி போஸ்ட் எழுதின புகழ்பெற்ற நாகரிகக் கையேடு இதுக்கே தனியா தீர்ப்பு சொல்லுது. ஹோட்டல், குடியிருப்பு லிஃப்ட்னா அது அறை மாதிரி, கழட்டு. ஆபீஸ், கடை லிஃப்ட்னா அது பொது இடம், தேவையில்ல. சிரிப்பா இருக்கலாம். ஆனா நாம இன்னைக்கு வரைக்கும் தீர்க்காத கேள்வி அதுதான். அறை அளவுக்கு நெருக்கம், தெரு அளவுக்கு அந்நியம்.

ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908-லயே இதைப் பிடிச்சுட்டார். பஸ், ரயில், டிராம் வர்றதுக்கு முன்னாடி, பேசாம மணிக்கணக்கா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டிய நிலைமை மனுஷனுக்கு வந்ததே இல்லைங்கிறார். அவர் நம்ம மலை பஸ்ல வந்திருந்தா கொஞ்சம் மாத்தி எழுதியிருப்பாரோ என்னவோ.

பிறகு பெஞ்ச் போச்சு, வேகம் கூடுச்சு, பட்டன் வந்துச்சு. பட்டனும் மாடி எண்ணும் கதவுப் பக்கமே இருந்ததால கண்ணுக்கு அங்க ஒரு வேலை கிடைச்சுது. பெரிய மாற்றம் ஆபரேட்டர் போனது. 1945-ல நியூயார்க்ல லிஃப்ட் ஆபரேட்டர்கள் ஸ்டிரைக் பண்ணி ஊரே படியேறித் தவிச்சுது. அதுக்கப்புறம் தானா ஓடுற லிஃப்ட் வேகமா பரவுச்சு. ஆபரேட்டரோட சேர்ந்து, உள்ளே பேசுறதுக்கு இருந்த ஒரே காரணமும் போயிடுச்சு. நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல இன்னும் ஸ்டூல் போட்டு ஒரு அண்ணன் உட்கார்ந்திருப்பார் பாருங்க, அந்த லிஃப்ட்ல சத்தம் இருக்கும். "அண்ணே, மூணாவது மாடி", "ஸ்டிரெச்சர் வருது, ஒதுங்குங்கம்மா". ஆள் இருந்தா பேச்சு இருக்கு.

கண்ணைப் பார்க்காததுக்கு மட்டும் ஒரு நல்ல சோதனை உண்டு. 1965-ல ஆர்கைல், டீன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆட்களை 2 அடி, 6 அடி, 10 அடி தூரத்துல உட்கார வெச்சுப் பேசவிட்டாங்க. தூரம் குறையக் குறைய கண்ணோடு கண் பார்க்கிறதும் குறைஞ்சுது. நெருக்கத்துக்கு ஒரு அளவு இருக்கு. உடம்பு கிட்ட வந்தா கண்ணு விலகி அதை ஈடுகட்டுதுங்கிறது அவங்க விளக்கம். நாங்க ஸ்டெத் வைக்கும்போது நடக்கிறதும் இதேதான். நோயாளி தானாவே முகத்தைத் திருப்பிக்குவார், நாங்க எங்கேயோ சுவரைப் பார்ப்போம். அந்தத் தூரத்துல கண்ணைப் பார்த்தா அது பரிசோதனையா இருக்காது.

எர்விங் காஃப்மன் 1963-ல இதை ஒரு மரியாதையாவே பார்த்தார். நீ இருக்கிறது எனக்குத் தெரியும், ஆனா உன்னை நான் குடையலன்னு சொல்ற ஒரு சின்ன பார்வை, உடனே பார்வையை விலக்கிக்கிறது. ஆக, லிஃப்ட்ல அமைதியா நிக்கிறவங்க திமிர் பிடிச்சவங்க இல்ல. இடிச்சுக்கிட்டு நிக்கிற இடத்துலயும் அடுத்தவருக்குக் கொஞ்சம் தனிமை விட்டுத் தர்றாங்க.

இந்த மரியாதைக்கு ஒரு ஆபத்தான பக்கமும் இருக்கு. யாரும் யாரையும் பார்க்காததால, யாரும் கேட்கலன்னும் நினைச்சுக்கிறோம். அமெரிக்காவுல அஞ்சு ஆஸ்பத்திரி லிஃப்ட்கள்ல ஆராய்ச்சியாளர்கள் சும்மா ஏறி நின்னு கவனிச்சாங்க. 1995-ல வந்த ஆய்வு அது. 259 பயணத்துல 36-ல ஊழியர்கள் அங்க பேசக்கூடாததைப் பேசியிருக்காங்க. நோயாளி விவரம், கிண்டல், எல்லாம்.

அதுல ஒருத்தனா நானும் இருந்திருக்கேன். அந்தப் பாட்டி முதல் தடவை ஏறி நாலு நாள் கழிச்சு, நானும் பேட்ச்மேட்டும் லிஃப்ட்ல போறோம். "அந்தக் கொல்லிமலை கேஸ் என்னடா ஆச்சு?" "கிட்னி போயிடுச்சுடா. ரெண்டு நாள் தாங்கினா பெருசு." தமிழ்ல, சத்தமாவே சொன்னேன்.

மூணாவது மாடியில கதவு திறந்துச்சு. எனக்குப் பின்னாடி இருந்து பாட்டி இறங்கினாங்க. நாலு நாள்ல அவங்களும் லிஃப்ட்ல எப்படி நிக்கணும்னு பழகியிருந்தாங்க. கதவைப் பார்த்து, பேசாம. அதனாலதான் அவங்க இருந்ததே எனக்குத் தெரியல.

வராண்டாவுல என் கையைப் பிடிச்சாங்க. "ரெண்டு நாளுன்னு சொன்னியே சாமி, அது எங்க ஊட்டுக்காரரையா?"

வார்டுக்கு வெளியில இருந்த பெஞ்ச்ல அவங்களை உட்கார வெச்சு, நானும் பக்கத்துல உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து எல்லாத்தையும் சொன்னேன். முன்னாடியே செஞ்சிருக்க வேண்டிய வேலை அது. கேட்டு முடிச்சதும் அவங்க முதல்ல கேட்டது, ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு. மகனுக்கு ஆள் சொல்லி அனுப்பணுமாம்.