பாடத்திட்டத் தகவமைப்பு (பலநிலை வகுப்பு)

ஒரே வகுப்பில் வெவ்வேறு கற்றல் நிலைகளில் உள்ள மாணவர்களுக்காக, பாடத்தின் நோக்கத்தை மாற்றாமல் அதை அடையும் வழியை மட்டும் மாற்றி அமைப்பது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் மாணவர்களை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கிறது. டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு இங்கேதான் சிக்கல்: வாசிப்பில் அரும்பாகவும் புரிதலில் மலராகவும் இருக்கலாம்.

இதைக் கண்டறிய, பத்தியை ஆசிரியரே வாசித்துக்காட்டிக் கேள்வி கேட்க வேண்டும். வாய்மொழியில் சரியாகப் பதில் சொல்லும் குழந்தை, தானே வாசிக்கும்போது தடுமாறினால், தடை பெரும்பாலும் எழுத்தை ஒலியாக்குவதில் இருக்கிறது. ‘கொ’ போன்ற எழுத்துகளில் குறி மெய்யின் இருபுறமும் நிற்பதால் தடுமாற்றம் கூடும்.

‘மழை எப்படிப் பெய்கிறது’ என்ற பாடத்தில் அக்குழந்தைக்கும் கேள்வி அதேதான். பத்தியை நான்கு வரிகளாக்கி, பெரிய எழுத்தில், இடைவெளிவிட்டு அச்சிட்டு, முதலில் வாசித்துக் கேட்கவைக்கலாம். விடையைப் படம் வரைந்து, பெயரிட்டு, வாயால் விளக்கச் சொல்லலாம். எழுத்துப்பிழைக்கு அங்கே மதிப்பெண் குறைப்பது தவறு, சோதிப்பது அறிவியலை. ஆனால் இந்தத் தகவமைப்பு வாசிப்புப் பயிற்சிக்கு மாற்றாகாது. ஒலி–எழுத்துப் பயிற்சி தனியே, நாள்தோறும் தொடர வேண்டும்.