‘ஸ’ வரும்வரை காத்திருக்கிற காது

கீபோர்ட்டோ ஹார்மோனியமோ பக்கத்தில் இருந்தால் ஒருக்கா இதைச் செய்து பாருங்கோ. ஸ ரி க ம ப த நி என்று மெதுவாக ஏறி, நி-யில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கோ. கேட்டுக்கொண்டிருக்கிற ஆளுக்கு ஏதோ தொங்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். மேல் ஸ-வைத் தொட்டால்தான் மனம் ஆறும்.

அந்த அந்தரம் எங்கே இருக்கிறது? நி என்ற ஒலிக்குள் இல்லை. அதே கட்டையை ஸ-வாக வைத்து இன்னொரு ஸ்கேலைப் பாடினால், அதே ஒலி முடிவிடமாக மாறிவிடும். அப்படியென்றால் அது கேட்கிற ஆளின் தலைக்குள்தான் நடக்கிறது. தலைக்குள் நடக்கிற ஒன்றை எப்படி அளப்பது? இந்தக் கட்டுரை அந்த அளவீட்டின் கதை.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உளவியலாளர்கள் சுருதியைத் தனித்தனி ஒலிகளாகவே அளந்தார்கள். 1937இல் ஸ்டீவன்ஸும் கூட்டாளிகளும் ‘மெல்’ என்ற அளவுகோலை உருவாக்கினார்கள். ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, அதன் பாதி உயரத்தில் கேட்கிற இன்னொரு ஒலியைத் தேடிப்பிடிக்கச் சொன்னார்கள். ஆய்வுகூடத்துக்கு அது நல்ல அளவுகோல்தான். ஆனால் அதன்படி ஒரு ஸ்தாயியும் அடுத்த ஸ்தாயியும் ஒரே அகலமில்லை. கீழ் ஸ-வும் மேல் ஸ-வும் உறவுக்காரர் என்பதுகூட அதில் தெரியாது. பாட்டுக் கேட்கிற எவருக்கும் தெரிந்த விசயம் அந்த அளவுகோலுக்குத் தெரியவில்லை.

1979இல் கரோல் கிரம்ஹான்சலும் ரொஜர் ஷெப்பர்டும் கேள்வியை மாற்றிப் போட்டார்கள். ஒலியைத் தனியாகக் கேட்காமல், ஒரு சூழலுக்குப் பிறகு கேட்டால் என்ன? மேற்கத்தேய மேஜர் ஸ்கேலை, நம்முடைய சங்கராபரணத்தின் அதே ஏழு சுரங்களை, கடைசி ஸ இல்லாமல் ஏறியோ இறங்கியோ ஒலிக்கச் செய்தார்கள். பிறகு ஒரேயொரு சுரம். அது ஒரு ஸ்தாயிக்குள் இருக்கிற எந்த அரைச்சுரமாகவும் இருக்கலாம். கேட்டவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சுரம் அந்த ஸ்கேலை எவ்வளவு நன்றாக முடித்துவைக்கிறது என்று 1 தொடக்கம் 7 வரை புள்ளி போடுவது. சூழலுக்குள் விட்டு ஆழம் பார்க்கிற அந்தச் சுரத்தை ‘சோதனைச் சுரம்’ என்று சொல்லலாம்.

இசைப் பயிற்சி கூடியவர்கள் ஸ-வுக்கு அதிகப் புள்ளி கொடுத்தார்கள். அடுத்தது ஸ்கேலுக்குள் இருக்கிற மற்றச் சுரங்கள், கடைசியில் வெளிச்சுரங்கள். கீழ் ஸ-வும் மேல் ஸ-வும் அவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். பயிற்சி குறைந்தவர்களின் புள்ளிகளோ வேறு மாதிரி இருந்தன. கடைசியாகக் கேட்ட சுரத்துக்கு உயரத்தில் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் பெரும்பாலும் பார்த்தார்கள். ஒரே ஸ்கேல், ஒரே கேள்வி, ஆனால் இரண்டு விதமான கேட்டல்.

உயரம் இப்படிக் குறுக்கே நிற்பதைக் குறைக்க, 1982இல் கிரம்ஹான்சலும் எட்வர்ட் கெஸ்லரும் ஷெப்பர்ட் முன்பு உருவாக்கிய ஒரு செயற்கை ஒலியை எடுத்தார்கள். அதில் ஒரே சுரம் பல ஸ்தாயிகளில் ஒன்றாக ஒலிக்கும். ஸ என்று தெரியும், ஆனால் கீழ் ஸ-வா மேல் ஸ-வா என்று பிடிபடாது. சூழலாக ஸ்கேல் மட்டுமில்லாமல் கோர்ட்களும் வந்தன. அந்த ஆய்வில் மேஜருக்குக் கிடைத்த சராசரிப் புள்ளிகள் இவை: ஸ 6.35, ப 5.19, க 4.38, ம 4.09, த 3.66, ரி 3.48, நி 2.88. ஸ்கேலுக்கு வெளியே நிற்கிற ஐந்து சுரங்களும் 2.2க்கும் 2.6க்கும் இடையில்.

நி எங்கே நிற்கிறது என்று பாருங்கோ. ஏழு பேரில் கடைசி, வெளியாட்களுக்குச் சற்று மேலே. ஆனால் ஸ-வைக் கூப்பிடுவதில் நி-யை மிஞ்ச ஆளில்லை. ஆகவே இந்தப் புள்ளிகள் ஒரு சுரத்தின் பலத்தையோ முக்கியத்துவத்தையோ அளக்கவில்லை. அதில் எவ்வளவு நேரம் நிம்மதியாக நிற்கலாம் என்பதைத்தான் அளக்கின்றன. நி-யில் நிற்க ஏலாது என்பதால்தான் அது இழுக்கிறது.

சரி, இந்தப் படிநிலை மனதில் உண்மையாகவே பதிந்து கிடக்கிறதா? இங்கேதான் சண்டை தொடங்கியது. 1982ஆம் ஆண்டின் புகழ்பெற்ற எண்கள் வெறும் 10 பேரிடமிருந்து வந்தவை, அவர்களும் இசை பழகியவர்கள். 1989இல் டேவிட் பட்லர் இன்னொரு ஓட்டையைக் காட்டினார்: சுரங்கள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்பது இந்த எண்களில் இல்லவே இல்லை. அதே சுரங்களை வேறு வரிசையில் வாசித்தால் காது வேறொரு ஸ-வைக் கண்டுபிடிக்கலாம். 2000ஆம் ஆண்டில் மார்க் லெமன் இன்னும் ஆழமாக வெட்டினார். இசை பற்றி எதுவுமே படிக்காத, சற்றுமுன் கேட்ட ஒலியைக் கொஞ்சநேரம் வைத்திருக்கிற ஒரு கணனி மாதிரியை அவர் இயக்கினார். அதுவும் கிட்டத்தட்ட அதே வளைவைத் தந்தது. ஸ, க, ப சேர்ந்த கோர்ட்டைக் கேட்ட காதில் அந்தச் சுரங்கள் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்குமானால், அவற்றுக்குக் கூடப் புள்ளி விழுவதில் என்ன அதிசயம்?

நியாயமான கேள்வி. ஆனால் 1979க்குத் திரும்பிப் பாருங்கோ: அங்கே ஏழு சுரமும் தலா ஒருமுறைதான் ஒலித்தன. அப்படியிருந்தும் பழகிய காது ஸ-வைத் தனியாகத் தூக்கி வைத்தது. எண்ணிக்கை மட்டும் இதை விளக்காது.

கேட்ட ஒலியையும் பழகிய அறிவையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: ஒரே இசையை, அதில் வளர்ந்தவருக்கும் வளராதவருக்கும் போட்டுக்காட்டுவது. 1984இல் மேரி காஸ்தெல்லானோ, ஜம்ஷெட் பருச்சா, கிரம்ஹான்சல் மூவரும் அதைத்தான் செய்தார்கள். பத்து இந்துஸ்தானி ராகங்கள், இந்தியக் கேட்போர், மேற்கத்தேயக் கேட்போர். ஒவ்வொரு ராகத்துக்கும் பிறகு பன்னிரண்டு சோதனைச் சுரங்கள்.

மேற்கத்தேயர்கள் ராகத்தைத் தங்கள் மேஜர், மைனருக்குள் திணித்துக் கேட்பார்கள் என்றுதான் நாங்கள் நினைப்போம். அப்படி நடக்கவில்லை. இரண்டு கூட்டமும் ஸ-வுக்கும் ப-வுக்கும், ராகத்தின் வாதி சுரத்துக்கும் உயர்ந்த புள்ளி கொடுத்தார்கள். எந்தச் சுரம் கூட நேரம் ஒலிக்கிறது என்பதை அந்நியக் காதும் அங்கேயே பொறுக்கி எடுத்துவிட்டது. ஆனால் ஒரு விசயத்தில் இந்தியக் கேட்போர் மட்டும் வேறுபட்டார்கள். அந்த ராகம் எந்தத் தாட்டைச் சேர்ந்தது, அதாவது அதன் அடியில் கிடக்கிற ஏழுசுர ஸ்கேல் எது என்பதும் அவர்களின் புள்ளிகளில் தெரிந்தது. மற்றவர்களிடம் அது இல்லை.

ஆகவே லெமனும் முழுக்கப் பிழையில்லை, கிரம்ஹான்சலும் முழுக்கப் பிழையில்லை. படிநிலையின் ஒரு பகுதியை எந்தக் காதும் சில நிமிடங்களில் கட்டிவிடும். இன்னொரு பகுதி, ஒலித்த சுரங்களுக்குப் பின்னால் நிற்கிற ஸ்கேல், அந்த இசைக்குள் கன காலம் இருந்தவருக்குத்தான் கேட்கும். நீங்கள் நி-யில் கையை எடுத்தபோது வந்த அந்தரத்தில் இரண்டும் கலந்திருந்தன. கொஞ்சம் அந்த நிமிடத்தில் ஒலித்த ஏழு சுரங்களிலிருந்து வந்தது. மிச்சம், சின்ன வயதில் இருந்து காதில் விழுந்த பாட்டுகளிலிருந்து வந்தது.