வலையமைப்புக் கூறாக்கம்

வலையமைப்புக் கூறாக்கம் (நெட்வொர்க் ஸ்லைசிங்) என்பது ஒரே 5ஜி வலையமைப்பைச் சேவைக்கொன்றாகப் பல தருக்க வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறை. 5ஜி மையம் இன்றியமையாதது. 4ஜி மையத்தைச் சார்ந்த 5ஜியில் இது இயங்காது. சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் 2023 செப்டம்பரில் தொடங்கிய ஜியோ ஏர்ஃபைபர் இந்திய எடுத்துக்காட்டு.

ஒவ்வொரு கூறையும் `S-NSSAI` அடையாளம் காட்டுகிறது: 8 பிட் சேவை வகை, தேவையெனில் 24 பிட் வேறுபடுத்தி. பதிவின்போது சாதனம் கேட்கும் கூறைச் சந்தா விவரத்துடன் ஒப்பிட்டு ஏஎம்எஃப் அனுமதிக்கிறது. அமர்வு தொடங்குகையில் அக்கூறுக்குரிய எஸ்எம்எஃப் தேர்வாகி, அது யுபிஎஃப்பைத் தெரிவுசெய்கிறது. மாதவரத்தில் ஒரே கோபுரத்தின்கீழ் உள்ள கைபேசியும் வீட்டு ரவுட்டரும் இவ்வாறு வெவ்வேறு யுபிஎஃப் வழியே செல்லலாம். ஆனால் அலைக்கற்றை பொதுவானது. கோபுரத்திலும் பங்கு ஒதுக்காவிட்டால் நெரிசலில் பிரிவினை பெயரளவில்தான். எந்தக் கூறும் கிடைக்காதபோது பதிவு, காரண எண் 62உடன் மறுக்கப்படும்.