சொத்து ஆவணங்கள் குறித்த வழக்கறிஞர் விளக்கக் குறிப்புகள்

வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் போன்றவற்றைப் பொதுமக்களுக்கு விளக்க வழக்கறிஞர்கள் எழுதும் சிறு கட்டுரைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இந்தியாவில் இவற்றுக்கு எல்லை வகுப்பது, 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் இயற்றிய விதிகளில் 36ஆம் விதி. வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்து வழக்கு தேடக் கூடாது என்கிறது அது. பெயர்ப்பலகையில்கூட, குறிப்பிட்ட வகை வழக்கில் தனித் தேர்ச்சி உள்ளவர் என்று போட்டுக்கொள்ள முடியாது. 2008இல் வந்த திருத்தம், பெயர், முகவரி, தொலைபேசி எண், பதிவு விவரம், கல்வித் தகுதி, வழக்காடும் துறை போன்ற விவரங்களை மட்டும் இணையதளத்தில் வெளியிட அனுமதித்தது.

சட்டத்தை விளக்குவதற்கு இதனால் தடையில்லை. வில்லங்கச் சான்று பற்றிய ஒரு குறிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் 1987இல் சொந்தப் பணத்தில் மனை வாங்கி, 2009இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். மகன் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு மனையை விற்க வருகிறார். 1985 முதல் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் 1987 கிரயம் ஒன்றே தெரியும், வாங்குபவர் நிம்மதியடைந்துவிடுவார். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்கள்தாம் அச்சான்றில் வரும். மரணத்தால் வந்த வாரிசுரிமை எந்தப் பத்திரமும் இல்லாமலே பிறந்துவிடுகிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் தலா கால் பங்கு. இறந்தவரின் தாய் அப்போது உயிரோடிருந்திருந்தால் ஐந்து பங்கு. பட்டா வருவாய்த்துறைப் பதிவுதான், அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது. ஆகவே மகன் விற்கக்கூடியது தன் பங்கை மட்டுமே. வாங்குபவர் வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். மற்ற வாரிசுகளும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது மகனுக்கு விடுதலைப் பத்திரம் பதிந்து தந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதுவதில் விதிமீறல் ஏதுமில்லை. அதே குறிப்பின் அடியில் "இதுபோன்ற நூற்றுக்கணக்கான சிக்கல்களைத் தீர்த்தவர், உடனே அழையுங்கள்" என்று ஒரு வரி சேர்ந்தால் விளக்கம் வழக்குப் பிடிக்கும் வேலையாகிவிடும். தான் நடத்திய வழக்கைப் படத்தோடு சொல்வதும், தரகர் மூலம் குறிப்பைப் பரப்பிக் கட்சிக்காரர்களைச் சேர்ப்பதும் அப்படியே. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத்தில் வழக்கறிஞர்களைத் தரவரிசைப்படுத்தி விலைபேசும் போக்கைக் கண்டித்து, நடவடிக்கை எடுக்குமாறு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

கடினமான இடம், குறிப்பைப் படித்தவர் தான் வாங்க நினைக்கும் மனையின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு "வாங்கலாமா?" என்று கேட்கும்போதுதான் வருகிறது. மூலப் பத்திரங்களைப் பார்க்காமல் சொல்லும் "வாங்கலாம்" அவருடைய சேமிப்பையே கரைத்துவிடக்கூடும். எனவே பொறுப்புள்ள குறிப்பு, பார்க்க வேண்டிய ஆவணங்களைச் சொல்லி, அவற்றோடு அவருக்கு நம்பிக்கையான ஒரு வழக்கறிஞரை நேரில் பார்க்கச் சொல்கிறது. தன்னிடமே வரச் சொல்வதில்லை.