பங்கின் ஈட்டு, மூலதன வருவாய் விகிதம், புத்தக மதிப்பு: மூன்று அளவுகளின் கதை

ஒரு நிறுவனத்தின் பங்கை எடைபோட இந்தியாவில் மூன்று எண்கள் பெரிதும் பயன்படுகின்றன. பங்கு ஒன்றின் ஈட்டு (இபிஎஸ்) என்பது ஓராண்டின் நிகர லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது. புத்தக மதிப்பு என்பது நிறுவனத்தின் சொத்துகளிலிருந்து கடன்களையும் பிற பொறுப்புகளையும் கழித்தபின் மிஞ்சும் நிகர மதிப்பை அதே எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது. பங்கு மூலதன வருவாய் விகிதம் (ஆர்ஓஇ) என்பது நிகர லாபம் நிகர மதிப்பில் எத்தனை விழுக்காடு என்பதாகும். முதலாவது ஓராண்டில் வந்ததைச் சொல்கிறது. இரண்டாவது இதுவரை சேர்ந்ததைச் சொல்கிறது. மூன்றாவது, சேர்ந்ததைக் கொண்டு எவ்வளவு வருகிறது என்று சொல்கிறது. மூன்றும் ஒரே கணக்கேட்டிலிருந்து வருபவை என்றாலும் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

பெருங்களத்தூர் நிலமும் புத்தக மதிப்பும்

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால் பீர்க்கன்கரணையை அடுத்து வருவது பெருங்களத்தூர். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் கார் தொழிற்சாலை இங்குதான் இருந்தது. 1961-ல் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பின்னர் வந்த கெசல், 1985-ல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 ஆகியவை இந்நிறுவனத்தின் கார்கள். கடைசிக் கார் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த அந்த இடத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன.

புத்தக மதிப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதற்கு இத்தகைய ஆலை நல்ல எடுத்துக்காட்டு. கணக்கியல் வழக்கப்படி நிலம் வாங்கிய விலையிலேயே ஏட்டில் நிற்கும். மறுமதிப்பீடு செய்யாதவரை ஐம்பது ஆண்டு கழித்தும் அதே எண்தான். 1950 வாக்கில் ஏக்கர் ஆயிரம் ரூபாய் வீதம் நூறு ஏக்கர் வாங்கிய ஒரு நிறுவனம் இருந்ததாகக் கொள்வோம். அதன் ஏட்டில் நிலத்தின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாய். ஊர் வளர்ந்து, ரயில் வந்து, சாலை அகன்று, நிலம் நூறு கோடிக்குப் போகும் என்றாலும் ஏடு ஒரு லட்சம் என்றே சொல்லும்.

இயந்திரங்களின் கதை இதற்கு நேர் எதிர். அவை ஆண்டுதோறும் தேய்மானம் கழித்துக் காட்டப்படும். ஆனால் ஒரு குறிப்பிட்ட காரின் உதிரிபாகங்களை வார்க்கும் அச்சுகளின் ஏட்டு மதிப்பு ஒரு கோடி என்று இருந்தாலும், அந்தக் கார் விற்பது நின்ற மறுநாள் அவை பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். ஆகவே புத்தக மதிப்பு என்பது நிறுவனத்தை இன்று விற்றால் கிடைக்கும் தொகை அல்ல. பங்குதாரர்கள் போட்டதும், லாபத்திலிருந்து எடுக்காமல் விட்டுவைத்ததும் சேர்ந்து எவ்வளவு என்பதன் பதிவு அது. நிலம் அதிகமுள்ள பழைய ஆலையில் அது உண்மையைக் குறைத்துச் சொல்லும். வழக்கொழிந்த இயந்திரமும் விற்காத சரக்கும் நிறைந்த ஆலையில் கூட்டிச் சொல்லும். ஒரே ஆலையில் இரண்டும் சேர்ந்தே நடப்பதுண்டு என்பதால், மொத்த எண்ணோடு நிற்காமல் சொத்துப் பட்டியலைப் பிரித்துப் பார்ப்பதே வழி.

அரசு விலை வைத்த காலம்

இந்தியாவில் இந்த எண்கள் வெறும் ஆய்வுக் கருவிகளாக மட்டும் இருக்கவில்லை. 1947-ஆம் ஆண்டின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, நிறுவனங்கள் புதிய பங்குகளை வெளியிட டெல்லியில் இருந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி தேவைப்பட்டது. எவ்வளவு வெளியிடலாம் என்பதோடு என்ன விலைக்கு வெளியிடலாம் என்பதையும் அந்த அலுவலகமே தீர்மானித்தது. இந்த முறை 1992 வரை நீடித்தது.

விலையைக் கணக்கிட அந்த அலுவலகம் இரண்டு எண்களை எடுத்துக்கொண்டது. ஒன்று, பங்கு ஒன்றின் நிகரச் சொத்து மதிப்பு, அதாவது புத்தக மதிப்பு. மற்றொன்று, லாபம் ஈட்டும் திறனின் மதிப்பு. இது பங்கு ஒன்றின் சராசரி ஈட்டை ஒரு குறிப்பிட்ட விகிதத்தால் வகுத்துப் பெறப்பட்டது. உற்பத்தி நிறுவனங்களுக்கு அந்த விகிதம் பொதுவாக 15 விழுக்காடு. இரண்டின் சராசரியே நியாய விலைக்கு அடிப்படை.

இந்தச் சூத்திரம் எங்கே இடறியது என்பதை இரு கற்பனை நிறுவனங்களைக் கொண்டு பார்க்கலாம். முதல் நிறுவனத்தின் புத்தக மதிப்பு 40 ரூபாய், ஈட்டு 12 ரூபாய். 12-ஐ 15 விழுக்காட்டால் வகுத்தால் 80. 40-க்கும் 80-க்கும் சராசரி 60. இரண்டாம் நிறுவனத்தின் புத்தக மதிப்பு 80 ரூபாய், ஈட்டு 6 ரூபாய். 6-ஐ 15 விழுக்காட்டால் வகுத்தால் 40. 80-க்கும் 40-க்கும் சராசரி அதே 60. அரசின் கணக்கில் இரண்டு பங்குகளும் ஒரே விலை.

ஆனால் முதல் நிறுவனம் 40 ரூபாயைக் கொண்டு 12 ரூபாய் ஈட்டுகிறது. மூலதன வருவாய் விகிதம் 30 விழுக்காடு. இரண்டாவது 80 ரூபாயைக் கொண்டு 6 ரூபாய்தான் ஈட்டுகிறது, விகிதம் 7.5 விழுக்காடு. இரண்டும் அந்த ஆண்டு லாபத்தை முழுதும் தொழிலிலேயே போட்டு, அதே விகிதத்தில் ஈட்டினால், அடுத்த ஆண்டு முதல் நிறுவனத்தின் ஈட்டு 12-லிருந்து 15 ரூபாய் 60 காசாக உயரும். இரண்டாவதன் ஈட்டு 6-லிருந்து 6 ரூபாய் 45 காசுக்குத்தான் போகும். ஈட்டு, புத்தக மதிப்பு ஆகிய இரண்டு எண்களும் அலுவலகத்தின் மேசையில் இருந்தன. ஒன்றை மற்றதால் வகுத்துப் பார்க்காமல் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்ததுதான் கோளாறு.

இதன் விளைவு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் காலத்தில் வெளிப்பட்டது. 1973-ல் இயற்றப்பட்ட அச்சட்டத்தால், பல வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் இந்தியக் கிளை நிறுவனங்களில் வைத்திருந்த பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க நேர்ந்தது. கோல்கேட் போன்ற நிறுவனங்களின் பங்குகள் பொதுமக்களுக்குக் கட்டுப்பாட்டு விலையில் வந்தன. பற்பசை விற்கும் நிறுவனத்துக்குப் பெரிய ஆலை தேவையில்லை. அதன் பெயருக்கு உள்ள மதிப்பு ஏட்டில் ஏறுவதும் இல்லை. புத்தக மதிப்பு குறைவு என்பதால் விலையும் குறைவாகவே வைக்கப்பட்டது. அன்று விண்ணப்பித்து வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் பல, பின்னாளில் அதனால் நல்ல பலன் பெற்றன. 1992-ல் சட்டம் நீக்கப்பட்டபின் விலையை நிறுவனங்களே வைக்கலாயின. மேற்பார்வை செபியிடம் வந்தது.

ஒரு லட்ச ரூபாய்ப் பங்கு

2023 ஜூன் 13 அன்று சென்னையைச் சேர்ந்த எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் பங்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அந்த விலையைத் தொட்ட முதல் பங்கு அதுவே. 1946-ல் கே. எம். மாம்மென் மாப்பிள்ளை திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய சிறு தொழிலிலிருந்து வளர்ந்த நிறுவனம் இது. 'இந்தியாவின் மிகச் சிறந்த பங்கு' என்று சிலர் அப்போது எழுதினர். விலையை மட்டும் பார்த்து அப்படிச் சொல்ல இடமில்லை.

எம்.ஆர்.எஃப்.-இன் மொத்தப் பங்குகள் சுமார் 42 லட்சத்து 41 ஆயிரம் மட்டுமே. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இது மிகக் குறைவு. 2023-24-ஆம் ஆண்டில் நிறுவனக் குழுமத்தின் நிகர லாபம் ஏறத்தாழ 2,081 கோடி ரூபாய். பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் பங்கு ஒன்றின் ஈட்டு சுமார் 4,907 ரூபாய். நிகர மதிப்பு சுமார் 16,700 கோடி. எனவே புத்தக மதிப்பு சுமார் 39,400 ரூபாய். மூலதன வருவாய் விகிதம் பன்னிரண்டரை விழுக்காட்டை ஒட்டி வருகிறது.

பத்து ரூபாய் முகமதிப்புள்ள இந்தப் பங்கை ஒரு ரூபாய்ப் பங்குகள் பத்தாகப் பிரித்தால் என்னவாகும்? ஈட்டு 491 ரூபாயாகும், புத்தக மதிப்பு 3,940 ரூபாயாகும். மூலதன வருவாய் விகிதம் அதே பன்னிரண்டரைதான். ஆலையில் ஒரு டயர்கூடக் கூடவோ குறையவோ இல்லை. ஆகவே ஒரு நிறுவனத்தின் ஈட்டை இன்னொரு நிறுவனத்தின் ஈட்டோடு நேராக ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒரே நிறுவனத்தின் ஈட்டை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதே அதன் பயன்; அப்போதும் இடையில் பங்கு பிரிக்கப்பட்டதா, போனஸ் தரப்பட்டதா என்று பார்த்துப் பழைய எண்களைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அப்படி ஒப்பிட்டால் 2022-23-ல் எம்.ஆர்.எஃப்.-இன் ஈட்டு சுமார் 1,813 ரூபாய்தான். அடுத்த ஆண்டே இரண்டரை மடங்குக்கு மேல். இது திடீர் வளர்ச்சி என்பதைவிட, இயற்கை ரப்பரும் கச்சா எண்ணெய் சார்ந்த மூலப்பொருள்களும் விலை ஏறியிருந்து பிறகு தணிந்ததன் விளைவு என்பதே பொருத்தம். மூலதன வருவாய் விகிதமும் முந்தைய ஆண்டில் ஐந்து விழுக்காடு அளவிலேயே இருந்தது. டயர், சிமென்ட், சர்க்கரை போன்ற தொழில்களில் ஓராண்டு எண்ணை எடுத்து முடிவு கட்டினால், எந்த ஆண்டை எடுத்தோம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும்.

2023-24-க்கு அந்நிறுவனம் அறிவித்த ஈவுத்தொகை பங்குக்கு 200 ரூபாய். 4,907 ரூபாயில் மீதி முழுவதும் புத்தக மதிப்பில் சேர்ந்தது. வகுக்கும் எண் இவ்வாறு ஆண்டுதோறும் பெருத்துக்கொண்டே போனால், விகிதம் குறையாமல் நிற்கவே லாபமும் அதே வேகத்தில் வளர வேண்டியிருக்கிறது.

விகிதம் ஏமாற்றும் இடங்கள்

மூலதன வருவாய் விகிதத்தைக் கடன் வாங்கியும் உயர்த்தலாம். 100 ரூபாய் சொந்த முதலில் 12 ரூபாய் ஈட்டும் தொழில், பாதி முதலைத் திருப்பித் தந்துவிட்டு 50 ரூபாயை 8 விழுக்காடு வட்டிக்கு வாங்கினால், வட்டி 4 ரூபாய் போக 8 ரூபாய் மிஞ்சும். 50 ரூபாய் முதலுக்கு அது 16 விழுக்காடு (வரியை இங்கே கணக்கில் கொள்ளவில்லை). தொழில் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒரு கெட்ட ஆண்டில் ஈட்டு 3 ரூபாயாகக் குறைந்தால், முன்பு லாபத்தில் இருந்திருக்கும் நிறுவனம் இப்போது நட்டத்தில் விழும்.

இன்னொரு பொறி, நட்டம் திரண்டு நிகர மதிப்பே எதிர்மறையாகும்போது வருகிறது. நிகர மதிப்பு மைனஸ் 20 கோடி, ஆண்டு நட்டம் 10 கோடி என்றால், வகுத்துப் பார்க்கும்போது பிளஸ் 50 விழுக்காடு என்று வரும். கணினிப் பட்டியலை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துபவருக்கு இந்த நிறுவனம் முதல் வரிசையில் தெரியக்கூடும்.

நிகர மதிப்பு அழிவதையே நோயின் அடையாளமாகக் கொண்ட சட்டம் ஒன்றும் இருந்தது. 1985-ஆம் ஆண்டின் நலிவுற்ற தொழில் நிறுவனங்கள் சட்டம், திரண்ட நட்டம் நிகர மதிப்பு முழுவதற்கும் சமமாகவோ கூடுதலாகவோ ஆனால் அந்த நிறுவனம் நலிவுற்றது என்றது. அந்தக் கணக்கில் சொத்துகளை மறுமதிப்பீடு செய்து உண்டாக்கிய காப்பு நிதி சேராது. நகரத்தை ஒட்டிப் பல ஏக்கர் வைத்திருந்த ஆலையும் சட்டத்தின் கண்ணில் எல்லாம் இழந்ததாக இருக்கலாம். மறுபுறம், சம்பளமே தர முடியாத நிறுவனம் ஏட்டில் சிறிது மிச்சம் காட்டியதால் நலிவுற்றதாகக் கருதப்படாமல் போகலாம். 2016-ல் அச்சட்டம் விலக்கப்பட்டு திவால் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோது அளவுகோல் மாறியது. நிகர மதிப்பு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, கடனைக் குறித்த நாளில் திருப்பிச் செலுத்தத் தவறியதா என்பதையே இப்போது சட்டம் பார்க்கிறது.